சாக்கெட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை

எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. புதிதாகக் கால் எடுக்கப்பட்டவர்களோ அவர்கள் வீட்டாரோ என்னிடம் பேச வந்தால், முதல் கேள்வி பெரும்பாலும் செயற்கைக் காலின் பாதத்தைப் பற்றித்தான் இருக்கும். கார்பன் பாதமா, ரப்பர் பாதமா, எது நல்ல கம்பெனி, கையில் இருக்கும் பணத்தை எல்லாம் போட்டு உயர்ந்த பாதமாக வாங்கிவிடலாமா. கண்ணுக்குத் தெரிவது பாதம்தானே, கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் நாள் முழுக்க என் தோலோடு ஒட்டிக்கொண்டு, என் மொத்த எடையையும் வாங்குவது பாதம் இல்லை, சாக்கெட். ஆபரேஷனுக்குப் பிறகு மீந்திருக்கும் காலை, ஸ்டம்ப் என்று நாங்கள் சொல்வோமே, அதை உள்ளே விடும் கூடு. அது சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு உயர்ந்த பாதத்தைக் கீழே மாட்டினாலும் அந்தக் கால் சுவரில் சாய்ந்துதான் கிடக்கும். அது சரியாக இருந்தால் சாதாரணப் பாதத்தோடு ஒருவர் வேலைக்குப் போய் வந்துவிடலாம். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் முழுசாகப் போய்ச் சேர்வதில்லை என்ற ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அதனால் ஒரே ஒருவருடைய கதையை முழுசாகச் சொல்கிறேன், அதிலேயே எல்லாம் இருக்கிறது.

அதற்கு முன் சாக்கெட் என்ன செய்கிறது என்று கொஞ்சம். ஸ்டம்பின் நுனியில் எடை இறங்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே அறுத்த எலும்பின் நுனி எடை தாங்கப் பிறந்தது இல்லை. அதனால் எடையை வேறு இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முழங்கால் சில்லுக்கு நேர் கீழே இருக்கும் கெட்டியான தசைநாண், உள்பக்கம் எலும்பு விரிந்து சரியும் இடம், முன் எலும்பின் இருபுறத்துச் சதை, பின்பக்கக் கெண்டைச் சதை, இவையெல்லாம் அழுத்தத்தைத் தாங்கும். வெளிப்பக்கச் சிறிய எலும்பின் தலை, முன் எலும்பின் கூரிய விளிம்பு, இரண்டு எலும்புகளின் அறுபட்ட நுனி, இவை தாங்காது. நல்ல சாக்கெட் என்றால் தாங்கும் இடத்தில் அழுத்தி, தாங்காத இடத்தில் குழிவாக ஒதுங்கிக்கொள்ளும். அந்தக் குழிக்கு நேராக அந்த எலும்பு வந்து உட்கார வேண்டும். ஒரு விரல் கடை இறங்கிவிட்டாலும் எலும்பு ஒரு பக்கம், அதற்கான குழி வேறு பக்கம் என்றாகிவிடும்.

இதனால்தான் அளவெடுப்பதில் அவ்வளவு நுணுக்கம். ஸ்டம்பின் மேல் மெல்லிய பனியன் உறையைப் போட்டு, எலும்பு மேடுகளை ஒவ்வொன்றாக விரலால் தேடி, அழியாப் பென்சிலால் வட்டம் போடுவார்கள். அதன் மேல் ஈரமான பிளாஸ்டர் துணியைச் சுற்றும்போது பென்சில் குறி பிளாஸ்டரின் உள்பக்கத்தில் பதிந்துவிடும். அந்த அச்சுக்குள் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி எடுத்தால் உங்கள் ஸ்டம்பின் உருவம் குறிகளோடு கிடைக்கும். பிறகு அந்த உருவத்தில் எங்கே அழுத்தம் வேண்டுமோ அங்கே சுரண்டுவார்கள், எங்கே கூடாதோ அங்கே மாவு பூசி உயர்த்துவார்கள். கைப்பக்குவம் இந்த இடத்தில்தான். இப்போது பல இடங்களில் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் இதே வேலையைச் செய்கிறார்கள், தத்துவம் அதேதான். அடுத்து, உடனே கடைசிச் சாக்கெட்டைச் செய்துவிடாமல், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் ஒரு சோதனைச் சாக்கெட் செய்து மாட்டிப் பார்க்க வேண்டும். அதை மாட்டிக்கொண்டு எடையை ஊன்றி நின்றால் எந்த இடத்தில் தோல் வெளுக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். தாங்காத எலும்பின் மேல் வெளுப்பு தெரிந்தால் அங்கேயே சூடு காட்டித் தள்ளிச் சரிசெய்வார்கள். கால் தரப்போகிறவர் எவராக இருந்தாலும் ‘சோதனைச் சாக்கெட் உண்டா’ என்று கேளுங்கள். பாதத்தைப் பற்றிக் கேட்பதைவிட இது ஆயிரம் மடங்கு பயனுள்ள கேள்வி.

வலித்தால் இறுக்கம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்

நான் சொல்ல வந்தவரை அண்ணன் என்றே சொல்கிறேன், அப்படித்தான் கூப்பிடுவேன். சர்க்கரையால் கால் போனவர். சாக்கெட்டுக்குள் தோலை ஒட்டிப் போடும் சிலிக்கான் உறையை லைனர் என்போம், நான் அதை மாற்றப் போன இடத்தில் பழக்கம். அரசு உதவியில் கிடைத்த கால், முழங்காலுக்குக் கீழே. உள்ளே மெத்தென்ற ஃபோம் உறை, அதற்குள் பருத்தி சாக்ஸ், வெளியே தொடை வரை இழுத்துவிடும் ரப்பர் ஸ்லீவ், சாதாரண ரப்பர் பாதம். முதல் சில வாரம் நன்றாக நடந்தார். அப்புறம் ஒருநாள் போனில், “தம்பி, கால் இறுக்குது. சில்லுக்குக் கீழ தீயா எரியுது. சாக்கெட்டைக் கொஞ்சம் தேய்ச்சுப் பெருசாக்கிக் குடுக்கச் சொல்லணும்” என்றார். நானும் கூடப் போனேன்.

காலைக் கழற்றிப் பார்த்தால் சில்லின் அடி விளிம்பில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. நுனியிலும் ஒரு நாணயம் அளவு சிவப்பு. வெளிப்பக்க எலும்புத் தலையில் தொட்டாலே முகம் சுளித்தார். கால் செய்பவர் உடனே தேய்க்க அரத்தை எடுக்கவில்லை. அவரை நிற்கச் சொல்லி, இடுப்பு எலும்பின் இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்த்தார். செயற்கைக் கால் பக்கம் இடுப்பு தாழ்ந்திருந்தது. முதல் நாள் சமமாக வைத்து அனுப்பிய கால் அது. பிறகு குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் சின்ன உருண்டை ஒன்று உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சாக்கெட்டின் அடியில் போட்டு, “மாட்டிக்கிட்டு நாலு எட்டு நடங்க ஐயா” என்றார். கழற்றி எடுத்தபோது உருண்டை காகிதம் மாதிரி நசுங்கியிருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் விளக்கினார். “சாக்கெட் சின்னதாகல ஐயா. உங்க ஸ்டம்ப்தான் சிறுத்திருக்கு. சிறுத்ததால உள்ள இறங்கிப் போகுது. இறங்கினதால நுனி சாக்கெட் அடியைத் தொடுது, சில்லு மேல் விளிம்புல இடிக்குது.” உருண்டை உருண்டையாகவே இருந்தால் நுனி அடியைத் தொடவே இல்லை என்று பொருள். லேசாகத் தட்டையானால் சரியான தொடுகை. காகிதமாக நசுங்கினால் ஸ்டம்ப் அடியில் போய் முட்டுகிறது. அவருக்கு வேண்டியிருந்தது தேய்ப்பு இல்லை, கூடுதலாக ஒரு சாக்ஸ். 3 பிளை தடிமனுள்ள சாக்ஸ் ஒன்றைச் சேர்த்துப் போட்டார். அண்ணன் எழுந்து நின்றார், இடுப்பு சமமானது. சில்லுக்குக் கீழே எரிச்சல் அந்த நிமிடமே பாதியாகக் குறைந்துவிட்டது.

எனக்கு இது வெறும் நிவாரணமாகத் தெரியவில்லை. சாக்கெட் தளர்ந்தால் உடம்பு அதை ‘இறுக்கம்’ என்றுதான் சொல்லும், எலும்பு அதற்குரிய குழியை விட்டு நகர்ந்து சுவரில் இடிப்பதால். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை பேர் சாக்கெட்டைத் தேய்க்கச் சொல்லித் தேய்க்கச் சொல்லி, இன்னும் தளர்த்தி, இன்னும் கீழே இறங்கி, கடைசியில் புண்ணோடு காலை மூலையில் வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே இறுக்கமாக இருந்தால் அடையாளம் வேறு. ஸ்டம்ப் முழுசாக உள்ளே போகாது, அந்தப் பக்கக் கால் நீளமானது போல இருக்கும், நுனி அடியைத் தொடாமல் தொங்கும். அப்படித் தொங்கும் நுனியில் நாளடைவில் நீர் கோத்து, தோல் தடித்துக் கறுத்து, மருக்கள் போல முண்டுமுண்டாகிவிடும். அதுவும் சாதாரணப் பிரச்சினை இல்லை. சாக்ஸை அளவுக்கு மீறிப் போட்டாலும் இதே நிலைதான்.

சாக்ஸ் கணக்கு

ஸ்டம்ப் சிறுப்பது கோளாறு இல்லை, எல்லோருக்கும் நடப்பது. ஆபரேஷன் வீக்கம் வடியும், வேலையில்லாத சதை மெலியும். முதல் சில மாதம் வேகமாகச் சிறுத்து, ஓர் ஆண்டு ஒன்றரை ஆண்டில் பெரும்பாலும் நிலைக்கு வரும். அதோடு ஒரே நாளுக்குள்ளும் மாறும். காலையில் மாட்டும்போது சரியாக இருந்தது மதியத்துக்குமேல் தளரும், நடக்க நடக்க உள்ளே இருக்கும் நீர் பிழிந்து மேலே போவதால். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு டயாலிசிஸ் நாளுக்கும் மறுநாளுக்கும் நடுவிலேயே நிறைய வித்தியாசம் வரும். இதைச் சமாளிக்கத்தான் 1, 3, 5 பிளை என்று வெவ்வேறு தடிமனில் சாக்ஸ் தருகிறார்கள். பிளை என்றால் நூல் அடுக்கு, எண் கூடினால் தடிமன் கூடும். வெளியே போகும்போது பையில் 1 பிளையும் 3 பிளையும் இருக்க வேண்டும். நடுவில் உட்கார்ந்து மாட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டு, சாயங்காலம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பதில்தான் புண் வருகிறது. போடும்போது சாக்ஸில் ஒரு மடிப்புகூட இருக்கக் கூடாது, தையல் கோடு நுனி எலும்பின் மேல் வரக் கூடாது. என் மாதிரி சிலிக்கான் லைனரும், அதன் நுனியில் சாக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும் பின் கம்பியும் உள்ளவர்களுக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. அந்தக் கம்பி உள்ளே இறங்கும்போது எத்தனை கிளிக் கேட்கிறது என்று கவனித்துவைத்தால், வழக்கத்தைவிடக் கூடினால் இறங்குகிறது, குறைந்தால் முழுசாகப் போகவில்லை என்று காதாலேயே தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் சாக்ஸுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. சாக்ஸ் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தடிமனைக் கூட்டும். ஸ்டம்ப் அப்படிச் சிறுப்பதில்லை, சதை மெலிகிறது, எலும்பு அப்படியே இருக்கிறது. கீழ்ப்பக்கம் மட்டும் மெலிந்தால் பாதி உயரச் சாக்ஸ் ஒன்றை நுனியில் மட்டும் போட்டுப் பார்ப்பார்கள், அது கொஞ்ச நாள் உதவும். நாளுக்கு நாள் அடுக்கு ஏறி 10, 15 பிளைக்கு மேல் போய்விட்டால் சாக்கெட்டின் உருவமே உங்களுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம், உள்ளே ஸ்டம்ப் சுழல ஆரம்பிக்கும், நடக்கையில் பாதம் வெளிப்பக்கம் திரும்பும். அப்போது புதுச் சாக்கெட்தான் வழி. அண்ணனுக்கும் அதுதான் நடந்தது, 3 பிளையில் ஆரம்பித்தது மாதங்கள் போகப்போக 5, 8 என்று ஏறி 13இல் வந்து நின்றது. அந்த 13 என்ற எண்தான் பிறகு அலுவலகத்தில் அவருக்குக் கைகொடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தோல்

புதுக் கால் வந்ததும் ஆசையில் நாள் முழுக்கப் போடக் கூடாது. முதல் நாள் ஒன்றிரண்டு மணி நேரம், அதிலும் நடப்பது அரை மணிக்குள். கழற்றி, தோலைப் பார்த்து, சரியாக இருந்தால் மறுநாள் ஒரு மணி நேரம் கூட்டலாம். கழற்றியதும் சிவப்பு இருக்கத்தான் செய்யும், அழுத்தம் தாங்கும் இடங்களில் சிவந்தால் அது சாக்கெட் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். கடிகாரத்தைப் பாருங்கள். 10, 15 நிமிடத்தில் மங்கிவிட்டால் பரவாயில்லை. அதற்கு மேலும் மங்காமல் நின்றால், அல்லது சிவப்பு எலும்பின் மேல் இருந்தால், காலைத் திரும்பப் போடாமல் முதலில் சாக்ஸைச் சரிபார்க்க வேண்டும், அப்படியும் தீராவிட்டால் கால் செய்பவரிடம் போக வேண்டும். அண்ணனுக்குச் சர்க்கரையால் உணர்ச்சி பாதிதான். அவர் வலியை நம்ப முடியாது. அதனால் தினமும் இரவு கைக்கண்ணாடி வைத்து நுனியையும் பின்பக்கத்தையும் அவர் மனைவி பார்க்கிறார். அண்ணிக்கு இப்போது எந்தச் சிவப்பு எதனால் என்று என்னைவிட நன்றாகத் தெரியும்.

கழுவுவது இரவில். இதைக் காலையில் செய்தால் ஈரம் முழுசாகப் போகாமல் ஊறிய தோல் சாக்கெட்டுக்குள் போகும், ஊறிய தோல் சீக்கிரம் உரியும். மென்மையான சோப்பு, நிறையத் தண்ணீர், ஒற்றித் துடைத்து, காற்றில் காயவிட வேண்டும். க்ரீம் ஏதாவது தடவுவதானால் அதுவும் இரவில்தான், கால் போடும் முன் தடவினால் தோல் இளகி, லைனரும் கெட்டுப்போகும். ஸ்பிரிட் வேண்டாம், அது தோலை வறட்டி வெடிக்கவைக்கும். ஸ்டம்பில் முடியை ஷேவ் செய்ய வேண்டாம். இதைப் பலர் சுத்தம் என்று நினைத்துச் செய்கிறார்கள். ஷேவ் செய்த முடி முளைக்கும்போது அழுத்தத்தில் உள்பக்கம் திரும்பி, வேரில் சீழ் கோத்து, நாள்கணக்கில் கால் போட முடியாமல் செய்துவிடும்.

லைனர் வைத்திருப்பவர்கள் தினமும் அதன் தோல்பக்கத்தைக் கழுவ வேண்டும். அலசுவதில் சோம்பல் கூடாது, லைனரில் மிஞ்சும் சோப்பே அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவரும். வெயிலிலோ சூட்டிலோ காயவைக்கக் கூடாது. உட்பக்கத்தை வெளியே புரட்டியபடி இரவெல்லாம் விட்டுவிடவும் கூடாது, துணிப்பக்கம் இழுபட்டுப் பிரிந்துவிடும். போடும்போது முழுசாகப் புரட்டி, அதன் அடிக்குழியை ஸ்டம்ப் நுனியில் காற்றில்லாமல் பதித்து, அங்கிருந்து மேலே உருட்டிக்கொண்டு போக வேண்டும். நுனியில் ஒரு காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு எட்டிலும் அந்த இடத்தை உறிஞ்சி உறிஞ்சி மாலையில் கொப்புளம் தரும். வியர்வை நிறைய வருகிறவர்கள் நடுவில் ஒருமுறை கழற்றித் துடைத்துவிட்டுப் போடுவதுதான் முதல் வைத்தியம். அலுமினியம் குளோரைடு கலந்த வியர்வைத் தடுப்பானை டாக்டரிடம் கேட்டு, இரவில், புண்ணில்லாத காய்ந்த தோலில் மட்டும் தடவலாம். கொப்புளம் வந்துவிட்டால் அதன் மேல் தடிமனான பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு காலைப் போடாதீர்கள். அந்தத் தடிமனே அதே இடத்தில் அழுத்தத்தைக் கூட்டும். ஆறும்வரை ஊன்றுகட்டையோ வாக்கரோ சக்கர நாற்காலியோதான். கஷ்டம்தான், ஆனால் ஒருசில நாள் போடாமல் இருப்பது பல வாரம் போட முடியாமல் போவதைவிட மேல்.

பாதத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் எடை, நடக்கும் தரை, நடை வேகம், இவற்றைப் பார்த்துத்தான் அது தேர்வாக வேண்டும். மெதுவாக, சமதரையில் நடப்பவருக்குக் குதிகால் மெத்தையுள்ள சாதாரண ரப்பர் பாதம் போதும், பராமரிப்பும் கிடையாது. மேடுபள்ளத்தில் நடப்பவருக்கு எல்லாப் பக்கமும் லேசாகச் சாயும் பாதம் நல்லது. வேகமாக நடப்பவர், ஓடுபவருக்குத்தான் கார்பன் பாதத்தின் உந்தல் முழுசாகப் பயன்படும். எதுவானாலும் ஒரு குறிப்பிட்ட செருப்பு உயரத்துக்குத்தான் காலைச் சாய்மானம் வைத்துப் பூட்டுவார்கள். அதைவிடக் குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டால் முழங்கால் முன்னால் மடங்கித் தள்ளும், தட்டையானதைப் போட்டால் பின்னால் தள்ளும். ‘புதுச் செருப்பு மாத்தினதிலிருந்து முட்டி வலி’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் குதிகாலைத்தான் அளக்கச் சொல்வேன்.

பணம் எந்த வாசலில் கிடைக்கும்

சொந்தப் பணம் போடாமல் கால் வாங்க ஒரே வழி என்று எங்கும் இல்லை. கால் எப்படிப் போனது என்பதை வைத்துத்தான் வாசல் அமைகிறது. வேலையில் நடந்த விபத்தென்றால் வேலையளிப்பவரின் இழப்பீட்டுக் காப்பீடு. சாலை விபத்தென்றால் மோதிய வண்டியின் காப்பீடு. ராணுவப் பணியில் என்றால் அதற்கான நிதி தனி. நோயால் என்றால் அரசு மருத்துவத் திட்டம், மருத்துவக் காப்பீடு, அல்லது மாற்றுத்திறனாளிகளுக்கான நலத்திட்டம். முதல் மூன்றில் ஒன்று பொறுப்பேற்க வேண்டிய இடத்தில் நலத்திட்டத்துக்குப் போனால், ‘அங்கே கேட்டீர்களா’ என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால் வரிசை முக்கியம். விபத்து வழக்கில் இழப்பீடு கேட்பவர்கள் இன்று மாட்டும் காலின் விலையோடு நிறுத்திவிடக் கூடாது. இந்தக் கால் தேயும், சாக்கெட் மாறும், லைனர் கிழியும், ஆயுள் முழுக்க இது தொடரும் செலவு என்பதற்கு மருத்துவர் எழுத்தை வாங்கி முன்கூட்டியே சேர்க்க வேண்டும். இன்னொன்று, பல திட்டங்களில் அனுமதி வருமுன் நீங்களே வாங்கிவிட்டுப் பில்லை நீட்டினால் பணம் வராது.

பெரும்பாலான திட்டங்களில் நீங்கள் எவ்வளவு நடப்பவர் என்று ஒரு மதிப்பீடு இருக்கும். அமெரிக்காவின் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இதை கே0 முதல் கே4 வரை ஐந்து படியாக வைத்திருக்கிறது, வேறு இடங்களிலும் இந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். கே1 என்றால் வீட்டுக்குள் சமதரையில் ஒரே வேகத்தில், கே2 என்றால் படி, சிறு மேடுகளைத் தாண்டி வெளியே கொஞ்சம், கே3 என்றால் வேகத்தைக் கூட்டிக் குறைத்து எங்கும். எந்தப் பாதம், எந்த முட்டி கிடைக்கும் என்பது இந்தப் படியைப் பொறுத்தது. இதில் கவனிக்க வேண்டியது, இன்று நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்பதை மட்டும் அது கேட்கவில்லை, கால் கிடைத்தால் எந்த அளவுக்கு நடக்கக்கூடியவர் என்பதையும் கணக்கில் எடுக்கிறது. ஆபரேஷனுக்கு முன் என்ன வேலை, எவ்வளவு தூரம் நடந்தீர்கள், வீட்டில் படி உண்டா, யாரைச் சுமந்து பராமரிக்கிறீர்கள், இதையெல்லாம் மதிப்பீட்டின்போது சொல்லாவிட்டால் கட்டிலில் கிடக்கும் நிலையை வைத்தே எழுதிவிடுவார்கள்.

சரி, அண்ணன் கதைக்கு வருகிறேன். 13 பிளை ஆனதும் அவர் உதவி தந்த அலுவலகத்தில் ‘புதுக் கால் வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தார். ஒரு கால் கொடுத்தால் இத்தனை ஆண்டுக்குப் பிறகுதான் அடுத்தது என்று விதியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் விதியை வரி வரியாகப் படித்துப் பார்த்தால் அது முழுக் காலைப் பற்றியது, உதிரி பாகங்களுக்கும் மருத்துவக் காரணத்தால் வரும் மாற்றங்களுக்கும் தனிப் பத்தி இருந்தது. இன்றைய கால்கள் பெரும்பாலும் துண்டு துண்டாகப் பூட்டப்பட்டவை. சாக்கெட்டைக் கழற்றி, அதே குழாயிலும் அதே பாதத்திலும் புதுச் சாக்கெட்டைப் பூட்டலாம். அப்படியிருக்க முழுக் கால் கேட்பானேன்? இரண்டாவது விண்ணப்பத்தில் ‘சாக்கெட் மட்டும் மாற்றம், பாதமும் குழாயும் பழையதே’ என்று எழுதினோம்.

அதோடு சேர்த்தவை இவை. சாக்ஸ் எண்ணிக்கை ஏறியதை அண்ணி ஒரு நோட்டில் தேதியோடு குறித்துவைத்திருந்தார், அதன் நகல். ஸ்டம்பின் சுற்றளவு, சில்லுக்குக் கீழே தசைநாணின் நடுவிலிருந்து 5, 10 சென்டிமீட்டரில், கால் கொடுத்த நாளில் எவ்வளவு, இப்போது எவ்வளவு. 10 சென்டிமீட்டரில் 33ஆக இருந்தது 30.5 ஆகியிருந்தது. தோலின் படங்கள், கழற்றிய உடனே எடுத்தது, அரை மணி கழித்து எடுத்தது. மருத்துவரின் கடிதம், அதில் ‘பொருந்தவில்லை’ என்ற ஒற்றை வார்த்தைக்குப் பதில், இத்தனை பிளை போட்டும் ஸ்டம்ப் சுழல்கிறது, எலும்புத் தலையில் மங்காத சிவப்பு இருக்கிறது, சர்க்கரையால் உணர்ச்சி குறைவு என்பதால் புண்ணாக வாய்ப்பு அதிகம், புண் ஆறாவிட்டால் மேலும் உயரத்தில் அறுக்க நேரலாம் என்று தெளிவாக எழுதியிருந்தார். முதல் விண்ணப்பத்தைப் படித்தவர் முன்னால் ஒரு கோரிக்கைதான் இருந்தது. இரண்டாவதைப் படித்தவர் முன்னால் அளந்து பார்த்த ஒரு கால் இருந்தது. அனுமதி வந்தது.

புதுச் சாக்கெட்டைப் பூட்டிய அன்று சோதனைச் சாக்கெட், களிமண் உருண்டை, இடுப்பு மட்டம் எல்லாம் முதலிலிருந்து நடந்தது. சாக்ஸ் 1 பிளைக்கு வந்துவிட்டது. ஒரு நாளில் அளவெடுத்து மறுநாள் கால் கொடுத்து அனுப்பிவிடும் முகாம்களில் எனக்கு இருக்கும் வருத்தம் இங்கேதான். அங்கே வேலை செய்பவர்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் சாக்கெட் பொருந்தவேண்டியது அடுத்த ஆறு மாதத்தின் ஸ்டம்புக்கு, அப்போது அவர்கள் அங்கே இருப்பதில்லை. முகாமில் கால் வாங்குகிறவர்கள் திரும்பி எங்கே வந்து சரிசெய்துகொள்வது, யாரைப் பார்ப்பது, சாக்ஸ் எத்தனை தருவார்கள் என்பதைக் கால் கையில் வருமுன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

அண்ணன் இப்போது ஆண்டுக்கு ஒருமுறை ஃபோம் உறையும், தேய்ந்துபோகும் சாக்ஸும், ரப்பர் ஸ்லீவும் தனியாகக் கேட்டு விண்ணப்பம் போடுகிறார். கால் கொடுத்தபோது இவையும் திட்டத்தில் உண்டு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நீங்களும் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். லைனர் போடுபவராக இருந்தால் ஒன்றுக்கு இரண்டாகக் கேளுங்கள், ஒன்று காயும்போது இன்னொன்றைப் போட.